ஹோலிப் பொடி பட்ட சுவர், தரை, வெள்ளைத் துணி: வாடகை வீட்டில் நான் பட்டதும் கற்றதும்

2025 மார்ச் 14, புனேயில் துளிவந்தன். நம் ஊரில் ஹோலி என்று சொல்கிறோமே, அந்த வண்ணம் பூசும் நாளுக்கு மராட்டியில் அதுதான் பெயர். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஆடிவிட்டு மேலே வந்தவர்கள் எங்கள் ஹாலில் கைகால் உதறி, சுவரில் சாய்ந்து, சோபாவில் உட்கார்ந்து எழுந்து போனார்கள். மதியம் ஒரு மணிக்கு ஹாலைப் பார்த்தேன். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கைத்தடம், நடைவழித் தரை முழுக்கப் பச்சையும் மஞ்சளும், வாளியில் வெள்ளைத் துணிகள். மார்ச் 31-ஆம் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். முன்பணம் அறுபதாயிரம் உரிமையாளரிடம் இருந்தது.

பதறிப்போய் ஈரத்துணியை எடுத்து அந்தக் கைத்தடத்தைத் துடைத்தேன். ஒரு கை அகலம் இருந்தது இரண்டடி அகலத்துக்கு ரோஸ் மேகமாகப் பரவிவிட்டது. மிச்சம் பதினேழு நாளும் அந்த ஒரு துடைப்பைச் சரிசெய்வதிலேயே போயின. அதே தவறை நீங்கள் செய்யாமல் இருக்க, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். என்னைப்போல் வடக்கேயோ மேற்கேயோ முதல் ஹோலியை வாடகை வீட்டில் பார்க்கப்போகிறவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

1. தண்ணீரைத் தொடாதீர்கள், முதலில் படம் எடுங்கள்

கடையில் விற்கும் குலால் பொடியில் பெரும்பங்கு சோளமாவு, அதில் ஏற்றிய கொஞ்சம் சாயம். காய்ந்திருக்கும்வரை அது வெறும் மாவுதான், சுவரின்மேல் உட்கார்ந்திருக்கும், ஊதினால்கூடப் பாதி போய்விடும். தண்ணீர் பட்டதும் இரண்டு காரியம் நடக்கிறது. மாவில் ஏறியிருந்த சாயம் கரைந்து சுவரின் நுண்துளைக்குள்ளும் துணியின் நூலுக்குள்ளும் இறங்குகிறது. மாவு பசையாகி அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. வெந்நீர் ஊற்றினால் இன்னும் மோசம்: கஞ்சி காய்ச்சுகிறோமே, அதே வேலையைச் சுவரில் செய்கிறீர்கள்.

மார்கழியில் கலர்க்கோலம் போட்டவர்களுக்கு இது தெரிந்த விஷயம். காய்ந்த கோலத்தைத் துடைப்பம் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். அதன்மேல் தூறல் விழுந்துவிட்டால் சிமென்ட் வாசலில் அந்த நிறம் பொங்கல் வரைக்கும் இருக்கும்.

அதனால் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைத் திறங்கள். அடுப்பையும் சாமி விளக்கையும் அணைத்துவிடுங்கள். காற்றில் பறக்கும் மாவு தீப்பிடிக்கும். 2015-இல் தைவானில் ஒரு நீர்ப்பூங்கா விழாவில் வண்ணச் சோளமாவு பற்றிக்கொண்டு 15 பேர் இறந்தார்கள். வீட்டில் நாம் தட்டுவது அதில் துளிகூட இல்லை, ஆனாலும் விளக்கை அணைக்க எவ்வளவு நேரமாகும்?

எதையும் தொடும் முன்பே ஒவ்வொரு சுவரையும் தரையையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இதன் பயன் கடைசியில் தெரியும்.

வேலையின் வரிசை இது: அழுக்குத் துணியைப் பால்கனியில் கழற்றி உதறி ஓரமாக வையுங்கள், அப்புறம் சுவர், கடைசியில் தரை. சுவரைத் தட்டும்போது விழுவதெல்லாம் தரையில்தான் விழும் என்பதால் தரையை முதலில் துடைத்தால் இரண்டு தடவை துடைக்க நேரும்.

2. எந்த வகைச் சாயம் என்று பார்த்துவிடுங்கள்

வெள்ளை டிஷ்யூ தாளில் சிட்டிகைப் பொடியை வைத்து, பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஈரம் பொடியைத் தாண்டிப் போகும்போது நிறமும் கூடவே போனால், அது நீரில் கரையும் சாயம். ஈரம் வெள்ளையாகப் பரவி, நிறம் இருந்த இடத்திலேயே நின்றால் உங்களுக்கு நல்ல நேரம், பெரும்பாலும் சோப்புத் தண்ணீரிலேயே போய்விடும்.

கரையும் சாயங்களில் ரொம்பப் பிடிவாதமானது அந்தக் கண்ணைப் பறிக்கும் ரோஸ். மலிவான ரோஸ் பொடிகளில் ரோடமின் பி என்ற சாயம் வருவதுண்டு. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையை நிறுத்தினார்களே, அதில் கண்டுபிடித்த அதே சாயம்தான். வெயிலில் ஆரஞ்சாக மினுங்கினால் சந்தேகப்படுங்கள்.

மஞ்சள் நிறத்துக்குத் தனிச் சோதனை. ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குங்குமச் சிவப்பாக மாறினால் அது சமையல் மஞ்சள்தான், 'ஹெர்பல்' என்று விற்கிற பொடிகளில் இருக்கும். சிவந்ததைப் பார்த்துப் பயந்து தேய்க்காதீர்கள். வெயில் பட்டால் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

மூன்றாவது வகை, வெள்ளியும் தங்கமுமாகப் பளபளக்கும் பசை. எண்ணெயில் குழைத்தது என்பதால் தண்ணீருக்கு மசியாது. துணியிலும் தரையிலும் பட்டிருந்தால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவி இளக்கி, பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவிக் கழுவினால் போகும். சுவரில் பட்டிருந்தால் எண்ணெய் தடவவே கூடாது, தடவினால் கறை ஒன்று போய் இன்னொன்று வரும். அதற்கு 5-ஆம் பகுதிதான் வழி.

3. வாங்க வேண்டியவை

நான் தேவையில்லாமல் வாங்கிக் குவித்தது நிறைய. உண்மையில் உதவியவை இவ்வளவுதான்: புது பெயின்ட் பிரஷ் ஒன்று (மென்மையான மூன்று அங்குலம்), கோதுமை மாவு, பாத்திரம் துலக்கும் திரவம், இரண்டு வெள்ளைப் பஞ்சு ஸ்பாஞ்ச், மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு பாட்டில், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு பாட்டில், துணிக்குப் போடும் ஆக்சிஜன் பிளீச் பொடி, குளோரின் பிளீச் திரவம், ரப்பர் கையுறை. எல்லாம் சேர்த்து எனக்கு அறுநூறு ரூபாய்க்குள் வந்தது. மருந்துக்கடைப் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம் இருக்கும், அதைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே பயன்படுத்தினேன்.

ஸ்பாஞ்சும் துணியும் வெள்ளையாகவே இருக்கட்டும். கலர் துணியால் துடைத்தால் சாயம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் உயிர் எச்சரிக்கை. குளோரின் பிளீச்சை வேறு எதனோடும் கலக்காதீர்கள். கழிப்பறை ஆசிட், வினிகர், எலுமிச்சை எதில் கலந்தாலும் குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு கலந்தாலும் நச்சுவாயுதான். ஸ்பிரிட்டோடும் கூடாது. ஒன்றைப் பயன்படுத்தினால் நன்றாக அலசிவிட்டு, அடுத்ததை அடுத்த நாள் எடுங்கள்.

4. சுவர்: காய்ந்த வேலை முதலில்

முதலில் உங்கள் சுவரில் என்ன பூசியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அலமாரிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஈர விரலால் பத்து முறை தேயுங்கள். விரலில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டினால் வெள்ளையடித்த சுவர். லேசாகச் சுவரின் நிறமே வந்தால் டிஸ்டெம்பர். ஒன்றும் வராமல் தண்ணீர் முத்தாக நின்றால் பிளாஸ்டிக் எமல்ஷன் அல்லது எனாமல். வாடகை வீடுகளில் ஹாலுக்கு எமல்ஷனும் உள்ளறைகளுக்கு மலிவான டிஸ்டெம்பரும் அடித்திருப்பது சகஜம், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அதனால் ஒரு சுவரைச் சோதித்துவிட்டு வீடு முழுக்க அதுவே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுண்ணாம்புச் சுவராக இருந்தால் கழுவுவதற்கு வழியே இல்லை. பிரஷால் தட்டிவிட்டு மேலே மறுபடி வெள்ளையடிப்பதுதான் வேலை.

மற்ற சுவர்களுக்கு, பிரஷை மேலிருந்து கீழாக, ஒட்டடை அடிப்பதுபோல் இலேசாக ஓட்டுங்கள். அழுத்தினால் பொடி உள்ளே போகும். வேக்வம் கிளீனர் இருந்தால் அதன் குழாயைச் சுவரில் படாமல் ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டே பிரஷால் தட்டுங்கள்.

அடுத்தது எதிர்வீட்டு ஆஜி, அதாவது மராட்டிப் பாட்டி, சொல்லிக்கொடுத்தது. நான் துடைத்துக் கெடுத்ததைப் பார்த்ததும் அவர் தலையில் கைவைத்து, "பாணி நகோ, பாணி நகோ!" என்றார். தண்ணீர் வேண்டாம் என்று அர்த்தம். தன் வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைத்து, ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு, கையில் ஒட்டாத பதத்துக்கு இறுக்கிப் பிசைந்த மாவு, எண்ணெய் கிடையாது. அதைச் சுவரில் தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தார். ஒற்றிய இடத்தை உள்ளே மடித்துவிட்டுப் புது முகத்தால் மறுபடி ஒற்றினார். இரண்டு கப் மாவில் ஒரு சுவரின் பாதி முடிந்தது. நான் ஈரத்துணி போடாத இடங்களில் தொண்ணூறு பங்கு நிறம் அந்த மாவிலேயே வந்துவிட்டது. டிஸ்டெம்பர் சுவருக்கு இதைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. முந்தைய நாள் பிரெட்டின் வெள்ளைப் பகுதியும் இதே வேலையைச் செய்யும், ஆனால் உதிர்ந்து எறும்பு வரும்.

மாவு உருண்டையில் புது நிறம் ஏறாமல் நிற்கும்வரை ஒற்றுங்கள். அதற்கு அப்புறம்தான் தண்ணீர்.

எமல்ஷன் சுவருக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் அரை ஸ்பூன் பாத்திரத் திரவம் போதும். ஸ்பாஞ்சைச் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கீழிருந்து மேலாகப் போங்கள். இது தலைகீழாகத் தோன்றும், காரணம் உண்டு. மேலிருந்து கழுவினால் வழியும் கலர் தண்ணீர் கீழே காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கி ஊறிவிடும். கீழே ஏற்கெனவே நனைந்திருந்தால் அந்தத் தண்ணீர் மேலோடு வழிந்து போய்விடும். இரண்டடிக்கு இரண்டடியாகச் செய்து, உடனே காய்ந்த துண்டால் ஒற்றிவிட்டு நகருங்கள். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் வேலை என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். டிஸ்டெம்பருக்கு இதே தண்ணீரில் ஒரே ஒரு ஒற்று, அவ்வளவுதான். இரண்டாவது தடவை போனால் பெயின்டே வரும்.

இங்கே நான் விழுந்த குழிகள் இரண்டு. மேட் எமல்ஷனில் சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தேன். கறை மங்கியது, ஆனால் அந்த இடம் மட்டும் பளபளவென்று ஆகி, சாயங்கால வெளிச்சத்தில் தட்டு மாதிரி தெரிந்தது. அப்புறம் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன். ரோஸ் வந்தது, கூடவே பெயின்டும் இளகி வந்தது. ஸ்பிரிட் எமல்ஷனைக் கரைக்கும், அதைத் துணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. போகாத கறைமேல் பெயின்ட் அடிப்பது எப்படி

என் ரோஸ் மேகம் கழுவலுக்கு அசையவில்லை. பரணில் பழைய பெயின்ட் கொஞ்சம் இருந்தது. நல்லவேளை என்று ஒரு கோட் அடித்தேன். ராத்திரி வெள்ளையாக இருந்தது, காலையில் பார்த்தால் உள்ளிருந்து ரோஸ் எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது கோட் அடித்தேன், மறுநாளும் அதே கதை.

எமல்ஷன் தண்ணீரில் கரைத்த பெயின்ட். சுவருக்குள் இருக்கும் சாயமும் தண்ணீரில் கரைவது. நாம் அடிக்கும் ஒவ்வொரு கோட்டும் அதை மறுபடி கரைத்து மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. எத்தனை கோட் அடித்தாலும் வரும். நடுவில் தண்ணீர் இல்லாத ஒரு தடுப்பு வேண்டும். டர்பன்டைன் கலந்து அடிக்கிற ஆயில் பிரைமர்தான் அந்தத் தடுப்பு, அந்தச் சாயம் டர்பன்டைனில் கரையாது. பெயின்ட் கடையில் 'பிரைமர்' என்று மட்டும் கேட்டால் தண்ணீரில் கலக்கிறதைத்தான் கொடுப்பார்கள். டப்பாவில் எதைக் கலந்து இளக்கச் சொல்லியிருக்கிறது என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கறையும் சுற்றிலும் அரையடியும் சேர்த்து ஒரு கோட் பிரைமர், ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். வாசனை கடுமையாக இருக்கும், குழந்தைகளை அந்த அறையில் படுக்க வைக்காதீர்கள். காலையில் நைஸான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, அதன்மேல் இரண்டு கோட் எமல்ஷன், நடுவில் நான்கு மணி நேர இடைவெளி. கறை இருந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும். சுவர் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுக்க அடித்தால்தான் கண் ஏமாறும்.

எனக்கான கணக்கு: அரை லிட்டர் பிரைமர் 190, டர்பன்டைன் 80, ஒரு லிட்டர் எமல்ஷன் 420, ரோலர் 150, உயரத்துக்குப் பயந்து கூப்பிட்ட பெயின்டருக்கு அரை நாள் கூலி 700. மொத்தம் 1,540 ரூபாய், மூன்று நாள். முதல் நாள் தண்ணீரைத் தொடாமல் இருந்திருந்தால் இரண்டு கப் கோதுமை மாவோடு முடிந்திருக்கும்.

பெயின்டின் நிற எண்ணை உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். 'ஆஃப் ஒயிட்' என்று பேர் சொல்லி வாங்கினால் நூறு ஆஃப் ஒயிட் உண்டு. எண் தெரியவில்லை என்றால், ஸ்விட்ச் போர்டு மூடிக்குப் பின்னாலிருந்து காசளவு பெயின்ட் செதிலைப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே வெயில் படாத அசல் நிறம் இருக்கும். மெயினை அணைத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

6. தரை: டைல்ஸ் பிழைத்துக்கொள்ளும், இடுக்குதான் மாட்டும்

பளபளப்பான டைல்ஸ் சாயத்தைக் குடிக்காது. குடிப்பது இரண்டு டைல்களுக்கு நடுவே உள்ள சிமென்ட் இடுக்கு. வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவும் பழக்கம் நமக்கு உண்டு. ஹோலிக்கு மறுநாள் அதைச் செய்தால் ஒரு அறையில் இருந்த பொடி கரைந்து வீட்டு இடுக்குகள் எல்லாவற்றிலும் ஓடும். வீட்டு வேலைக்கு வரும் மாவ்ஷியிடம் இதை அன்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வந்து வாளியைச் சாய்த்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பூந்துடைப்பத்தை வீசாமல் இழுத்து இழுத்துக் கூட்டி முறத்தில் அள்ளுங்கள். கோடுகளின் மேல் ஒரு காய்ந்த பழைய பல் பிரஷை ஓட்டுங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் மாப்பை அலச நல்ல தண்ணீர். அலசும் தண்ணீர் ரோஸாக மாறியதும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். எங்கள் இருபதடி நடைவழிக்கு நான்கு வாளி மாற்றினேன்.

இடுக்கில் நின்ற நிறத்துக்குச் சமையல் சோடாவைப் பெராக்சைடில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்துப் பூசி, இருபது நிமிடம் கழித்துப் பல் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். பச்சையும் மஞ்சளும் ஒரே தடவையில் போயின. ரோஸுக்கு மூன்று தடவை பிடித்தது. அப்படியும் நின்றால், இடுக்கு வெள்ளையாக இருக்கும்பட்சத்தில், ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர், பத்து நிமிடம், அப்புறம் நிறையத் தண்ணீர்.

கழிப்பறை ஆசிட்டை எடுக்காதீர்கள். அது கறையை எடுப்பதில்லை, இடுக்கின் சிமென்ட்டைத்தான் தின்கிறது. வெள்ளையாகிறது என்று நமக்குத் தோன்றுவது அரிப்பு. பால்கனியில் கோட்டா கல்லோ சஹாபாத் கல்லோ போட்டிருந்தால், ஹாலில் மார்பிள் இருந்தால், எலுமிச்சைச் சாறுகூடப் படக் கூடாது. இவையெல்லாம் சுண்ணாம்பு வகைக் கற்கள், புளிப்பு பட்ட இடம் மங்கிச் சொரசொரத்துப் போகும்.

இந்தக் கற்கள் டைல்ஸ் மாதிரி இல்லை, சாயத்தைக் குடித்துவிடும். எங்கள் பால்கனிக் கல்லில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பச்சைத் திட்டு இருந்தது. அதற்குச் செய்தது பற்று போடுவது: முகப் பவுடரை நீர்த்த பெராக்சைடில் குழைத்து அரை விரல் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் உறையால் மூடி ஓரத்தில் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் உறையை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிட்டேன். பற்று காயும்போது கல்லுக்குள் இருப்பதை உறிஞ்சி மேலே எடுக்கும், அதனால் ஈரமாக இருக்கும்போதே சுரண்டி எடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும். இரண்டு பற்றில் போனது. கறுப்போ கரும்பச்சையோ பாலிஷ் செய்த கல் என்றால் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள், வெளுத்துவிடலாம்.

7. வெள்ளைத் துணி

எங்கள் வாளியில் இருந்தது மூன்று: என் கணவரின் பருத்திக் குர்தா, மாமனாரின் பச்சைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி, என் லெக்கின்ஸ். மூன்றுக்கும் மூன்று முடிவு.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்றுதான். பால்கனியில் நன்றாக உதறுங்கள். பிறகு துணியின் உள்பக்கத்தைத் திருப்பிக் குழாயில் பச்சைத் தண்ணீரைப் பாய்ச்சுங்கள், வந்த வழியே சாயம் வெளியே போகட்டும். வெளிப்பக்கம் ஊற்றினால் உள்ளே தள்ளுகிறீர்கள். தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டு, அப்புறம் சோப்புப் பொடி போட்ட பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அலசுங்கள். மற்ற துணியோடு மெஷினில் போடாதீர்கள், வெந்நீர் இன்னும் வேண்டாம், கறை இருக்கும்போது இஸ்திரி போடவே போடாதீர்கள்.

இதற்கும் நின்ற கறைக்குத்தான் ஸ்பிரிட். கறைக்குக் கீழே வெள்ளைத் துணியை மடித்து வைத்து, மேலே ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள். கீழே உள்ள துணியில் ரோஸ் இறங்குகிறதா என்று பாருங்கள், இறங்கினால் இடம் மாற்றி மாற்றி ஒற்றுங்கள். பஞ்சும் துணியும் வெள்ளையாகவே வந்தால் ஸ்பிரிட்டின் வேலை முடிந்தது, மேலே தேய்த்துப் பயனில்லை. துணியை அலசிவிடுங்கள்.

அடுத்து ஆக்சிஜன் பிளீச். இப்போது மாவு போய்விட்டதால் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைக்கலாம். ஐந்து லிட்டருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி, இரண்டு மணி நேரம். குர்தா இதில் இளரோஸாக வந்தது. ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்துப் போட்டேன், மார்ச் மாத புனே வெயிலுக்கு நன்றி, சாயங்காலம் பாதி வெளுத்திருந்தது. மறுநாளும் அதே ஊறல், அதே வெயில். மூன்றாம் நாள் கழுத்துப் பட்டையின் மடிப்பில் மட்டும் ஒரு கோடு மிச்சம்.

அந்தக் கோட்டுக்குத்தான் குளோரின் பிளீச்சை எடுத்தேன். ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரில் கால் கப், ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்து எடுத்து மூன்று தண்ணீர் அலசினேன். அரை மணி நேரம் போட்டால் இன்னும் வெளுக்கும் என்று நினைக்காதீர்கள், நூல்தான் இற்றுப்போகும். சுத்தப் பருத்திக்கு மட்டும்தான் இது. பட்டு, கம்பளி இரண்டையும் குளோரின் அரித்துவிடும்.

என் லெக்கின்ஸ் பருத்திதான் என்று நினைத்து அதையும் அதே வாளியில் அமுக்கினேன். எலாஸ்டிக் நூல் கலந்த துணி அது, ரோஸ் போனது, முழுத் துணியும் பழைய காகித மஞ்சளாக ஆகிவிட்டது. அதைத் திரும்ப வெள்ளையாக்க வழியில்லை. உள்தையலில் உள்ள துணிச் சீட்டில் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று எது இருந்தாலும் ஆக்சிஜன் பிளீச்சோடு நிறுத்துங்கள்.

வேட்டியில் கரைதான் தலைவலி. கரை முழுவதையும் சுருட்டி, பாலித்தீன் பைக்குள் விட்டு ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பை வாளிக்கு வெளியே தொங்க, நடுத்துணியை மட்டும் ஆக்சிஜன் பிளீச்சில் ஊறவைத்தேன். ஈரம் நூல்வழியே ஏறும் என்பதால் நடுநடுவே போய்ப் பார்த்தேன். ஜரிகைக் கரை என்றால் இதைக்கூட முயற்சிக்க வேண்டாம், சலவைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சலவையில் ஹைட்ரோஸ் என்ற பொடியால் சாயம் இறக்குவார்கள். வெல்லத்தை வெளுக்கக் கலப்படம் செய்கிறார்கள் என்று செய்தியில் படிக்கிறோமே, அதே பொடி. வீட்டில் வாங்கி வைக்கிற பொருள் இல்லை.

சொட்டு நீலம் கடைசி அலசலில்தான். கறை போகும் முன் நீலம் போட்டால், ரோஸும் நீலமும் சேர்ந்து ஊதாவாகி, எவ்வளவு கறை மிச்சம் என்பதே தெரியாமல் போய்விடும்.

8. தாள்களும் முன்பணமும்

மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தம் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற பெயரில் வரும், அதைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் பெயின்ட் பற்றிய வரியைத் தேடுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் செலவு வாடகைதாரர் பொறுப்பு என்று எழுதியிருந்தால் சுவரோடு மல்லுக்கட்டுவதே வீண், எப்படியும் அந்தத் தொகை பிடிக்கப்படும். எங்கள் ஒப்பந்தத்தில் 'இயல்பான தேய்மானம் நீங்கலாக' என்று இருந்தது. கைத்தடம் இயல்பான தேய்மானத்தில் வராது, ஆனால் ஒரு சுவரின் கைத்தடத்துக்கு நான்கு அறைக்கும் பெயின்ட் கேட்க முடியாது.

உரிமையாளரிடம் மறைக்காதீர்கள். நான் 15-ஆம் தேதியே படத்தோடு வாட்ஸ்அப்பில் தெரிவித்து, சரிசெய்து தருகிறேன் என்று எழுதினேன். அவர் தரப்பிலிருந்து முழு வீட்டுக்கும் பெயின்ட் அடிக்க 18,000 ரூபாய் என்று ஒரு மதிப்பீடு வந்தது. பெயின்ட் கடை ரசீது, பெயின்டருக்கு யுபிஐயில் அனுப்பிய கூலியின் பதிவு, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள், நாங்கள் குடிவந்த நாளில் எடுத்த படங்கள், இத்தனையும் சேர்த்து அனுப்பினேன். பகலில் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். டியூப்லைட்டில் புதுப் பெயின்ட் எப்போதும் திட்டாகத்தான் தெரியும்.

நாட்கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். துளிவந்தனுக்கு ஐந்து நாள் கழித்து அங்கே ரங்கபஞ்சமி வரும், 2025-இல் அது மார்ச் 19. அன்றும் வண்ணம்தான், அதுவும் தண்ணீரோடு. பெயின்ட் வேலையை அதற்கு முன் முடித்தால் மறுபடி பாழாகும் என்று 20-ஆம் தேதிதான் ஆரம்பித்தேன். 19 அன்று காலையில் வாசலில் ஒரு பழைய போர்வையை விரித்து, வருகிறவர்கள் எல்லோரையும் அங்கேயே உதறச் சொல்லி, சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே பழைய படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். நிறம் எல்லாம் அந்த விரிப்பில்தான் ஏறியது.

30-ஆம் தேதி காலை பத்து மணிக்கு உரிமையாளர் வந்தார். ஹால் சுவரைத் தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நடைவழியில் குனிந்து, கதவோரம் மூன்றாவது டைலின் இடுக்கில் இருந்த ரோஸ் கோட்டைக் காட்டினார். அது எனக்கும் தெரிந்ததுதான், நான்கு தடவை பற்று போட்டும் போகாதது. அதற்காக ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டு மிச்சம் 59,500-ஐ அனுப்பிவைத்தார்.